காலி நாற்காலிக்குச் சாட்சி

தினமும் காலை இட்லி வெந்து இறங்குவதற்குள் நான் ஒரு அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். முந்தைய நாள் எங்கள் தியேட்டரில் எந்த ஆட்டத்துக்கு எத்தனை டிக்கெட் போயிற்று, வசூல் எவ்வளவு, அதில் வரி போக எவ்வளவு, விநியோகஸ்தருக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு. தொழிலில் இதை டி.சி.ஆர். என்பார்கள். டெய்லி கலெக்‌ஷன் ரிப்போர்ட். தியேட்டர் இருப்பது அரியலூரில், நாங்கள் இருப்பது பெரம்பலூரில். கவுன்டர்காரர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட்டின் ஆரம்ப நம்பரையும் முடிவு நம்பரையும் எனக்கு அனுப்பிவிடுவார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெருக்கிக் கூட்டி, திருச்சியில் இருக்கும் விநியோகஸ்தர் ஆபீசுக்கு நான் அனுப்புவேன்.

அவர்களுக்கு வேண்டியது ரூபாய். எனக்கு வேண்டியது இன்னொன்று. அதனால் எங்கள் பிரதியில் மட்டும் கடைசியாக ஒரு கட்டம் சேர்த்திருந்தேன். லைசென்ஸ்படி முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாற்காலியில் எத்தனை சதவீதம் நிரம்பியது என்பது அதில் வரும். வசூலைப் பார்த்தால் மனசு ஏமாந்துபோகும், டிக்கெட் விலை கூடினால் வசூலும் கூடியதுபோல் இருக்கும். சதவீதம் அப்படி முகதாட்சண்யம் பார்க்காது. பி.காம். படித்து எனக்கு வந்த ஒரே லாபம் இந்தக் கட்டம்தான் என்று என் கணவர் கேலி செய்வார். கேலிதான் செய்வாரே தவிர அதைப் பார்க்க மாட்டார். நான் நீட்டினால், "கணக்க நீ பாரு, தியேட்டர நான் பாத்துக்கறேன்" என்று செருப்பைத் தேடுவார். தியேட்டரைப் பார்ப்பது என்றால், வாசலில் வெள்ளைச் சட்டையோடு நிற்பது. உள்ளே போய் உட்கார மாட்டார். முப்பது வருடத்தில் அவர் ஒரு படத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு பெரிய நடிகரின் படம் வருவதாக இருந்தது. எங்களுக்கு அது வெறும் படமாக இல்லை. தியேட்டரில் என் கணவருக்குப் பாதி, அவருடைய அண்ணனுக்குப் பாதி. மூத்தார் பாடாலூரில் உரக்கடை வைத்திருக்கிறார். வயல், கடை, வீடு என்று எல்லாவற்றையும் அளந்து செய்கிற மனிதர். இந்தக் கட்டடத்தைக் கல்யாண மண்டபமாக்கினால் முகூர்த்த மாதங்களிலேயே வருடத்துக்கான காசு வந்துவிடும் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கெடு வைத்தார். தீபாவளிக்குப் புதுப்படம் வந்தால் இன்னும் ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கலாம். வராவிட்டால் பொங்கலுக்குள் நாற்காலிகளைக் கழற்றிவிட வேண்டியதுதான். என் கணவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

படம் வாங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மினிமம் கியாரண்டி. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு பெரிய தொகையை முன்னாலேயே கட்டிவிடுவது. இன்னொன்று சதவீதம். கொஞ்சம் அட்வான்ஸ், பிறகு வருகிற வசூலில் அவர்களுக்குப் பங்கு. எங்களிடம் கியாரண்டி கட்டப் பணம் கிடையாது. சதவீதத்துக்குப் படம் கொடுப்பதென்றால் அனுப்புகிற கணக்கை அவர்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய பங்கே என்னுடைய அந்த அறிக்கையிலிருந்துதான் பிறக்கிறது. நம்பிக்கை போய்விட்டால் "கியாரண்டி கட்டி எடுத்துக்கோங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள். அதற்கு அர்த்தம், உங்களுக்குப் படம் இல்லை.

இந்த நிலையில்தான் என் கணவர் ஒரு காரியம் செய்தார்.

ஆன்லைனில் டிக்கெட் விற்க ஒரு ஆப் இருக்கிறது. எங்கள் தியேட்டருக்குச் சுண்ணாம்புக் குவாரியிலிருந்தும் சுற்றுக் கிராமத்திலிருந்தும் வருகிறவர்கள் கவுன்டரில் நின்று வாங்குகிறவர்கள். ஒரு டிக்கெட்டுக்கு முப்பது ரூபாய் கூடுதலாகக் கட்டணம் கொடுத்து போனில் வாங்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? அதனால் முந்நூறு நாற்காலியைக் கவுன்டருக்கென்று அடைத்துவைத்துவிட்டு, பின்வரிசையில் தொண்ணூற்றிரண்டை மட்டும் ஆப்பில் திறந்துவிடுவோம். ஆனால் ஆப்பில் பார்க்கிறவருக்கு அடைத்த நாற்காலியும் விற்ற நாற்காலியும் ஒரே சாம்பல் நிறம். அன்று ஓடிக்கொண்டிருந்த குடும்பப் படத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டத்தில் ஆன்லைனில் போனது நாற்பத்தொன்று. ஆப்பின் நாற்காலிப் படத்தில் பார்த்தாலோ தியேட்டரே நிரம்பி வழிவதுபோல் இருந்தது, அங்கங்கே ஐம்பது நாற்காலி மட்டும் மிச்சம். என் கணவர் அதை அப்படியே போட்டோ பிடித்து, "அரியலூரில் அமோகம்! ரசிகர்களுக்கு நன்றி" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். பக்கத்தில் இரண்டு பட்டாசுப் படம் வேறு.

அந்த மாலை ஆட்டத்தில் ஆன்லைன், கவுன்டர் எல்லாம் சேர்த்து நாங்கள் விற்றது நூற்று முப்பது டிக்கெட். நான் நூற்று முப்பது என்றே எழுதி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை திருச்சி ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசியவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அம்மா, சார் ஸ்டேட்டஸ் பாத்தோம். ரொம்ப சந்தோஷம். தியேட்டர்ல முக்கால்வாசிக்கு மேல ரொம்பியிருக்கு. ஆனா நீங்க அனுப்புன டி.சி.ஆர்.ல மூணுல ஒரு பங்குதானே இருக்கு? மீதி டிக்கெட்டு எங்க போச்சுங்க?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து வருடமாக ஒரு டிக்கெட் மறைத்ததில்லை. சில தியேட்டர்களில் விற்ற டிக்கெட்டையே திரும்ப வாங்கி விற்பது, நம்பரில்லாத சீட்டு கொடுப்பது எல்லாம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்களிடம் அந்த வழக்கமே கிடையாது. நான் அடைத்த நாற்காலி விஷயத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்மா. நாளைக்கு மேட்னிக்கு எங்க ரெப் வருவாரு. பாத்துட்டு வந்து சொன்னா தீபாவளிப் படம் பேசிக்கலாம்" என்றார். ரெப் என்றால் விநியோகஸ்தரின் ஆள். தியேட்டரில் வந்து உட்கார்ந்து டிக்கெட்டையும் தலையையும் எண்ணிப் பார்ப்பது அவர் வேலை.

எனக்கு நிம்மதி வந்தது. புதன்கிழமை மேட்னிக்கு யார் வரப்போகிறார்கள்? ரெப் வந்து காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டால் நாங்கள் யோக்கியர்கள் என்று தெரிந்துவிடும். மடியில் கனமில்லை, வழியில் என்ன பயம்?

என் கணவர் முகம் இருண்டுவிட்டது.

"வேணாம். அந்தாளு நாளைக்கி வரக்கூடாது. சனிக்கிழம வரச் சொல்லு."

"என்னங்க பேசறீங்க? காலியா இருக்கறதப் பாத்தாத்தானே நாம மறைக்கலன்னு தெரியும்?"

"திருட்டுப் பயன்னு சொன்னாக்கூட சொல்லிட்டுப் போறான். தியேட்டரு காத்தாடுதுன்னு திருச்சி பூரா சொல்லுவானே, அது பரவால்லியா உனக்கு?"

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குத் திருடன் என்ற பெயர் இரண்டாம்பட்சமாக இருந்தது. ஊரில் சில பேர் இப்படித்தான். கடன் வாங்கிக் கல்யாணம் செய்வார்கள், இலையில் ஒரு பதார்த்தம் குறைந்தது என்ற பேச்சை மட்டும் தாங்க மாட்டார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததா, இரக்கம் வந்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கோபம்தான் முதலில் வந்தது.

மறுநாள் பகல் பஸ்ஸில் நான் அரியலூர் போய் இறங்கும்போது தியேட்டர் வாசலில் ஒரு வேன் நின்றது. பின்னால் வரிசையாக இன்னும் ஐந்து வேன். பட்டுப்புடவை, கைக்குழந்தை, தலையில் பூ. உடையார்பாளையம் பக்கத்து எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். முதலில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு பூவைப் பார்த்தேன்.

என் கணவரின் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, வூட்டுல எல்லாம் சௌக்கியமா? தம்பி போன் பண்ணுச்சு. குடும்பத்தோட படம் பாத்துட்டு போங்க, வேன் அனுப்பறேன்னுச்சு. என்னா விசேஷம்?"

எனக்குப் புரிந்துவிட்டது. ரெப் வந்து பார்க்கும்போது தியேட்டர் நிரம்பியிருக்க வேண்டும் என்று இந்த மனிதர் நூற்றைம்பது பேரை ஓசியில் அழைத்து வந்திருக்கிறார். கவுன்டரில் எட்டிப் பார்த்தேன். விற்றது பத்தொன்பது டிக்கெட். உள்ளே நூற்றெழுபது தலையும் கணக்கில் பத்தொன்பது டிக்கெட்டும் இருந்தால் ரெப்புக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இல்லாத திருட்டுக்கு நாமே ஆள் கூட்டி வந்து நிறுத்தியாகிவிட்டது.

வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்றவரைத் தனியாக இழுத்துச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இது அவருக்கு உறைக்கவே இல்லை. கூட்டம் இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்றே நினைத்திருக்கிறார். தலைக்கும் டிக்கெட்டுக்கும் உள்ள உறவே அவர் மனசில் இல்லை.

"இப்ப என்னா பண்றது?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"டிக்கெட் இல்லாம ஒருத்தரும் உள்ள போகக்கூடாது."

"அவங்கள்ட்ட காசு கேக்கறதா? சொந்தக்காரங்ககிட்டயா?"

"அப்ப நீங்க குடுங்க, எல்லாருக்கும் டிக்கெட் அடிச்சிடறேன்."

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். வேன் வாடகைக்கே அது சரியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது மட்டுமில்லை, வாங்கிக் கொடுத்தாலும் அது பொய்தான். நாமே காசு போட்டு நாற்காலி நிரப்பி, அதை வசூல் என்று எழுதினால் என் அறிக்கையில் முதல்முறையாக ஒரு பொய் ஏறும். நானே படிக்கட்டில் ஏறி நின்று, கைகூப்பி, டிக்கெட் வாங்கினால்தான் உள்ளே விட முடியும், மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன்.

பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலைக்குக் காசு கேட்டதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சற்றுமுன் என் கையைப் பிடித்துக்கொண்ட சித்தி ஓரடி பின்னால் போனார்.

"வேன் வெச்சு கூட்டியாந்து சீட்டு வாங்கச் சொல்றியா? நாங்க என்னா படம் பாக்காத சனமா?"

பின்னாலிருந்து ஒருவர், "அதான் தியேட்டரு இப்புடிக் கெடக்கு" என்றார். அது என் கணவர் காதிலும் விழுந்தது. நான்கு பேர் மட்டும், வந்ததுதான் வந்தோம் என்று டிக்கெட் வாங்கினார்கள். மற்றவர்கள் வேனில் ஏறினார்கள். குழந்தைகள் அழுதன. நேராகப் பாடாலூருக்கு விடச் சொல்லி ஒரு பெரியவர் டிரைவரிடம் சொல்வது கேட்டது. மூத்தாரிடம் முறையிடப் போகிறார்கள். என் கணவர் எந்த ஊருக்குத் தெரியக்கூடாது என்று பயந்தாரோ அந்த ஊருக்கே வேன் வைத்து அனுப்பியாகிவிட்டது.

ரெப் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் இறங்கினார். ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். ஆப்பில் எந்த நாற்காலி அடைத்தது, எது விற்றது என்று எங்கள் பக்கம் மட்டும் தெரிகிற திரையைக் காட்டினேன்.

"ஸ்கிரீன்ல எத வேணா காட்டலாங்க. நான் தலையத்தான் எண்ணுவேன்" என்றார்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போனார். என் கணவரையும் கூட அழைத்தார், ஓனர் கூட இருந்தால் நல்லது என்று. வேறு வழியில்லாமல் அவரும் போனார். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். திரையில் யாரோ யாரையோ பிரிந்து அழுதுகொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் வரிசை வரிசையாக வெறும் நாற்காலி முதுகுகள். முன்வரிசையில் இரண்டு பேர் காலை நீட்டித் தூங்கினார்கள். ரெப் மெதுவாக நடந்து எண்ணினார். என் கணவர் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கால் வலித்திருக்கலாம். இடைவேளை விளக்கு போட்டபோதும் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு வெளிச்சத்தில் அந்த ஹாலை உட்கார்ந்தபடி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இருபத்து நான்கு தலை. அதில் ஒன்று மடியில் இருந்த குழந்தை. டிக்கெட் இருபத்து மூன்று.

ரெப் ஆபீஸ் அறைக்கு வந்து, டிக்கெட் நம்பர்களைச் சரிபார்த்து, எங்கள் எதிரிலேயே திருச்சிக்குப் போன் போட்டார். சுருக்கமாகத்தான் பேசினார்.

"கணக்கு சரியா இருக்கு சார். தியேட்டர்தான் காலி."

எங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த வாக்கியமும் அதுதான், எங்கள் மானத்தை வாங்கிய வாக்கியமும் அதுதான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, ரெப் தலையாட்டிவிட்டு, "தீபாவளிப் படம் பர்சன்டேஜுக்கே பேசிக்கலாமாம். வெள்ளிக்கிழம ஆபீஸ் வாங்க" என்றார். நான் நன்றி சொன்னேன். பெரம்பலூர் பஸ்ஸில் வரும்போது என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். கெடுவிலிருந்து தப்பிவிட்டோம் என்று நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "சொந்தக்காரங்க அண்ணங்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

மூத்தார் மறுநாள் காலை பைக்கில் வந்து இறங்கினார். உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். என் கணவர் எதிரில் நின்றார், ஐம்பத்தைந்து வயதில் ரிசல்ட் காட்டவந்த பையன்போல. நான் சமையலறை வாசலில் நின்றேன். வழக்கமாக அண்ணன் கேட்டால் தம்பி "நல்ல கூட்டம்ணே" என்பார். அன்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"நேத்து மேட்னிக்கு இருபத்து மூணு டிக்கெட்டுண்ணே. ஆறு பர்சன்ட்கூட இல்ல. பல நாளா இப்புடித்தான்."

மூத்தார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியும்டா."

"சித்தி சொன்னாங்களா?"

"சித்தி என்னாத்த சொல்றது. ஜி.எஸ்.டி. கட்டற கணக்க ஆடிட்டரு மாசாமாசம் எனக்கும் அனுப்புறாருல்ல, நானும் பார்ட்னர்தானே. மூணு வருஷமாத் தெரியும்."

என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப ஏண்ணே தெனம் கூட்டம் எப்புடின்னு கேட்ட?"

"நீ சொல்லுவன்னுதான்."

பிறகு மூத்தார் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "நஷ்டம்லாம் எனக்கு ஒண்ணுமில்லடா. உரக்கடையில வராத நஷ்டமா? நீ நல்லாருக்குன்னே சொல்லிக்கிட்டிருந்த. கூடப்பொறந்தவங்கிட்டயே சொல்லாதவன் எவன்கிட்ட என்ன கடன் வாங்குறானோன்னு ராத்திரில தூக்கம் வரல. அதான் மண்டபமா மாத்திடலாம்னேன்."

எனக்குத் தாங்கமுடியாத கோபம் வந்தது. அண்ணன் மேலும் தம்பி மேலும். ஒருவர் எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், ஒருவர் எல்லாம் தெரிந்துகொண்டு மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நடுவில் நான் ஒருத்தி, தினமும் காலையில் உண்மையை எழுதி திருச்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லவும் சொன்னேன், சத்தமாகவே. மூத்தார் முன்னால் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அந்தக் கணக்கக் கொண்டாம்மா" என்றார்.

போனை நீட்டினேன். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. அதனால் என் கணவர் வாங்கிப் படித்தார். கடந்த ஒரு மாதம் முழுவதும், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஆட்டமும். காலை ஆட்டம் நான்கு சதவீதம். மேட்னி எட்டு. ஞாயிறு மாலை முப்பத்து மூன்று. சில இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பவும் படித்தார். காலை ஆட்டத்தில் ஆறு பேர், ஒன்பது பேர் என்று வர வர மூத்தார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த ஆறு பேருக்கு ஏசி போட்டு கரண்ட் பில்லு கட்டுறியாடா? வாரநாள்ல காலை ஆட்டத்த நிறுத்து."

"நிறுத்துனா ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்கண்ணே."

"பேசட்டும்."

என் கணவர் அண்ணனையே பார்த்தார். பிறகு போனை நிமிர்த்திப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.